தாய்க்குத் தீ மூட்டும் பாடல்கள்: துக்கத்தின் நிலைகளைப் படிமத்திலும் தொனியிலும் காண்பது

துக்கத்திற்கு ஐந்து நிலைகள் உண்டு என்றும், மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்னும் வரிசையில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்றும் இன்று பரவலாகப் பேசப்படுகிறது. தாயையோ தந்தையையோ இழந்தவர் பாடிய பாடலை விளக்கும் கட்டுரைகளிலும் இந்த ஐந்து பெயர்களும் முத்திரைகளைப் போல வரிகளின் மேல் குத்தப்படுகின்றன. முதல் வரியில் மறுப்பு, நடுவில் சினம், முடிவில் ஏற்பு என்று குறித்துவிட்டால் பாடல் விளங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அப்படிச் செய்யும்போது பாடலில் உண்மையாக நடப்பது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இக்கட்டுரை ஒரே ஒரு பாடல் தொகுதியை எடுத்துக்கொண்டு, துக்கத்தின் நகர்வை அதன் சொற்களிலிருந்தே எவ்வாறு கண்டறிவது என்பதை விளக்க முயல்கிறது. எடுத்துக்கொண்டது பட்டினத்தார் தம் தாயின் ஈமக்கடனைச் செய்தபோது பாடியதாகச் சொல்லப்படும் பத்துப் பாடல்கள். பலருக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாடல்கள்தாம் இவை. துக்க வீடுகளில் இன்றும் இவை ஒலிக்கின்றன.

## ஐந்து நிலைகள் எங்கிருந்து வந்தன

எலிசபெத் கூப்ளர்-ராஸ் சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர். குணமாகாத நோயால் இறந்துகொண்டிருந்த நோயாளிகளோடு உரையாடி, அவர்கள் தங்கள் மரணத்தை எதிர்கொண்ட விதத்தை 1969இல் அவர் ஒரு நூலாக எழுதினார். ஐந்து நிலைகள் அந்த நூலில்தான் வருகின்றன. அவை முதலில் இறக்கப்போகிறவரைப் பற்றியவையே அன்றி, இறந்தவரை நினைத்து அழுபவரைப் பற்றியவை அல்ல. இழந்தவர்களின் துக்கத்திற்கும் அவற்றைப் பொருத்தும் வழக்கம் பிறகு பரவியது. டேவிட் கெஸ்லருடன் சேர்ந்து அவர் எழுதி 2005இல் வெளிவந்த நூல் அந்தப் பொருத்தத்தை விரிவாகப் பேசியது. அதே நூல், இந்த நிலைகள் எல்லோருக்கும் வரவேண்டியவை அல்ல, வரிசையாக வரவேண்டியவையும் அல்ல என்பதையும் சொன்னது. பெயர்கள் பரவிய அளவுக்கு இந்த எச்சரிக்கை பரவவில்லை.

இதற்கிடையே 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்னும் ஆய்வாளர்கள் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். துக்கப்படுபவர் ஒருபுறம் இழப்பையே நோக்கித் திரும்புகிறார். மறுபுறம் செய்தாக வேண்டிய காரியங்களை நோக்கித் திரும்புகிறார். இவ்விரண்டுக்கும் இடையே அவர் மாறி மாறிச் சென்று வருகிறார். இதை ஊசலாட்டம் என்று அழைக்கலாம். பட்டினத்தாரின் பத்துப் பாடல்களுக்கு ஐந்து நிலைகளின் படிக்கட்டைவிட இந்த ஊசலாட்டமே நெருக்கமானது என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பாடல்களே காட்டும்.

சுருக்கமாகச் சொன்னால், ஐந்து நிலைகள் முதலில் வேறொரு சூழலுக்காகச் சொல்லப்பட்டவை. இழந்தவரின் துக்கம் முன்னும் பின்னுமாக நகர்வதே இயல்பு.

## மூன்று சொற்கள்

மேலே செல்வதற்கு முன் மூன்று கலைச்சொற்களை விளக்கிவிடுகிறேன். இறந்தவரை நினைத்துப் பாடும் பாடல் இரங்கற்பா. பழந்தமிழில் இதற்குக் கையறுநிலை என்று பெயர். செய்வதறியாது நிற்கும் நிலையைப் பாடுவது என்பது அதன் பொருள்.

கண்ணால் காண்பதும் கையால் தொடுவதுமான ஒரு பொருளைச் சொல்லி, அதன் வழியே மனத்தில் உள்ளதை உணரவைப்பது படிமம். இப்பாடல்களில் தீ, அரிசி, விறகு, வாய், கை ஆகியவை படிமங்கள்.

பாடுபவரின் குரல் எந்த மனநிலையிலிருந்து வருகிறது என்பதைக் காட்டும் சாயல் தொனி. தொலைபேசியில் அம்மா “சாப்பிட்டியா?” என்று கேட்கிறார். சொல் என்றும் அதே சொல்தான். ஆனால் அவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா, கவலையில் இருக்கிறாரா, எதையோ மறைக்கிறாரா என்பது அந்த ஒரு சொல்லின் இழுப்பிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. எழுத்தில் வரும் பாடலில் குரல் காதில் விழுவதில்லை. அந்த இழுப்பைச் சொல்லின் இறுதியில் ஒட்டும் ஓர் எழுத்திலும், வினைச்சொல்லின் காலத்திலும், சொற்களின் வரிசையிலும் தேட வேண்டும்.

## பாடல்களின் பின்னணி

மரபுக் கதை இவ்வாறு செல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் ஒருவர் செல்வத்தைத் துறந்து வெளியேறினார். எங்கிருந்தாலும் தாயின் இறுதிக் கடனுக்கு வந்துவிடுவதாக அவர் தாய்க்கு வாக்களித்திருந்தார். தாய் இறந்தபோது சுடுகாட்டுக்கு வந்து, உறவினர் அடுக்கியிருந்த விறகை விலக்கி, பச்சை வாழை மட்டைகளை அடுக்கி, பாடியே தீயை வரவழைத்தார். பதினோராம் திருமுறையில் பாடல்கள் உள்ள பட்டினத்துப் பிள்ளையார் வேறு, இப்பாடல்களைப் பாடியவராகச் சொல்லப்படும் பிற்காலப் பட்டினத்தார் வேறு என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நம் நோக்கத்திற்கு அந்த வாதம் தேவையில்லை. பதிப்புக்குப் பதிப்பு சில சொற்கள் மாறினாலும் பாடல்களின் போக்கு மாறுவதில்லை.

பாடுபவர் துறவி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பற்றறுத்தவர் என்று அறியப்படும் ஒருவர், உடல் நிலையற்றது என்று மற்றப் பாடல்களில் ஓயாமல் சொன்னவர், இங்கே முதல் எட்டுப் பாடல்களில் அந்தத் தத்துவத்தைத் தொடவே இல்லை.

## முதற்பாடல்: ஏக்கம்

ஐயிரண்டு திங்களாய் அங்கமெலாம் நொந்துபெற்றுப்
பையலென்ற போதே பரிந்தெடுத்துச் – செய்யஇரு
கைப்புறத்தில் ஏந்திக் கனகமுலை தந்தாளை
எப்பிறப்பில் காண்பேன் இனி.

பத்து மாதம் உடலெல்லாம் நொந்து பெற்று, ஆண் குழந்தை என்றதும் அன்போடு எடுத்து, இரு கைகளிலும் ஏந்திப் பாலூட்டியவளை இனி எந்தப் பிறப்பில் காண்பேன் என்பது பொருள். ஐந்து நிலைக் கணக்குப்படி இங்கே மறுப்பு இருக்க வேண்டும். இங்கே மறுப்பு இல்லை. தாய் போய்விட்டாள் என்பது அவருக்குத் தெரியும். “இனி” என்னும் கடைசிச் சொல்லில் அந்த அறிவு முழுவதும் இருக்கிறது. இருப்பது ஏக்கம் மட்டுமே. இழந்தவர்களின் துக்கத்தை ஆராய்ந்த ஜான் பவுல்பி, இறந்தவரைத் தேடும் இந்தத் தவிப்புக்குத் துக்கத்தில் முக்கியமான இடம் தந்தார்.

இந்தப் பாடல் வெண்பாவில் அமைந்தது. வெண்பாவின் கடைசி அடி மற்ற அடிகளைவிடக் குறுகியது. நான்கு சீர்களுக்குப் பதில் மூன்றே சீர்களில் முடியும், கடைசிச் சீரும் சிறியதாக இருக்கும். மூச்சு நீண்டு வந்து சட்டென்று நிற்பதைப் போன்ற ஓசை அது. எனவே வெண்பாவின் இறுதிச் சொல்லில் எது வந்து அமர்கிறது என்பதைப் பார்ப்பது இப்பாடல்களைப் படிக்க நல்ல வழி. முதற்பாடலில் அங்கே அமர்வது “இனி”.

## இரண்டு முதல் ஆறு வரை: செய்ய முடியாத காரியம்

அடுத்த ஐந்து பாடல்களும் ஒரே அமைப்பில் உள்ளன. தாய் எனக்கு இதைச் செய்தாள். அவளுக்கு நான் இதையா செய்வேன்? இந்த அமைப்பின் உச்சம் மூன்றாம் பாடல்.

வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும்
கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து – முட்டச்
சிறகிலிட்டுக் காப்பாற்றிச் சீராட்டும் தாய்க்கோ
விறகிலிட்டுத் தீமூட்டு வேன்.

முதல் இரண்டு அடிகளில் ஐந்து இடங்கள் வரிசையாக வருகின்றன: வட்டில், தொட்டில், மார்பு, தோள், கட்டில். தாய் அவரை வைத்த இடங்கள் இவை. ஆறாவதாகச் சிறகு வருகிறது. தாய்ப்பறவை குஞ்சை மூடிக்கொள்வதைப் போல. தாய் வைத்த இடங்கள் இத்தனை இருக்க, மகன் தாயை வைக்கப்போகும் இடம் ஒன்றுதான்; அது விறகு. சிறகிலிட்டு என்பதும் விறகிலிட்டு என்பதும் ஓசையில் ஓர் எழுத்தே வேறுபடுகின்றன. வெண்பாவின் எதுகைக்காக வந்த ஒற்றுமை, அரவணைப்பையும் எரிப்பையும் அடுத்தடுத்த அடிகளில் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறது. துக்கத்தில் இருப்பவரின் மனம் செய்வதும் இதுவே. கண்முன் இருக்கும் எந்தப் பொருளும் பழைய நினைவு ஒன்றோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

தொனியைக் கண்டறிய “ஓ” என்னும் ஓர் எழுத்தைப் பின்தொடர்ந்தால் போதும். இரண்டாம் பாடலில் “தாயார் தமக்கோ”, மூன்றாவதில் “தாய்க்கோ”, நான்காவதில் “தாய்தனக்கோ” என்று ஐயத்தின் எழுத்து ஒவ்வொரு முறையும் தாய் மேல்தான் ஒட்டுகிறது. தீ மூட்டுவேனோ என்று அவர் கேட்கவில்லை. மூட்டுவேன் என்பதில் அவருக்கு ஐயமில்லை. மூட்டித்தான் ஆக வேண்டும். தாய்க்கா என்பதில்தான் மனம் சிக்கிக்கொள்கிறது. இதை மறுப்பு என்று அழைத்தால் பொருள் தவறிவிடும். நடந்ததை அவர் மறுக்கவில்லை. அடுத்துத் தம் கை செய்ய வேண்டிய காரியத்தின் முன்னே கூசி நிற்கிறார்.

ஐந்தாம், ஆறாம் பாடல்களில் படிமம் தீயிலிருந்து வாய்க்கரிசிக்கு மாறுகிறது. இறந்தவரின் வாயில் உறவினர் இடும் அரிசி அது.

அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு
வரிசையிட்டுப் பார்த்துமகி ழாமல் – உருசியுள்ள
தேனே அமிர்தமே செல்வத் திரவியப்பூ
மானே எனஅழைத்த வாய்க்கு.

இப்போது “ஓ” அரிசி மேல் ஒட்டுகிறது. வெண்பாவின் இறுதியில் வந்து நிற்பது “வாய்க்கு”. அதற்கு முன்னே அந்த வாய் பேசிய சொற்களை அவர் அடுக்குகிறார்: தேனே, அமிர்தமே, பூமானே. தாயின் குரல் பாடலுக்குள் நேராக ஒலிப்பது இங்கேதான் முதன்முறை. ஆறாம் பாடலில் “மகனே” என்று அது மீண்டும் ஒலிக்கிறது. அழைத்த வாயும் அரிசி இட வேண்டிய வாயும் ஒன்றே என்பது கடைசிச் சீர் வரை நமக்குச் சொல்லப்படுவதில்லை.

சடங்கின் வரிசையை அறிந்தவருக்கு இங்கே ஒன்று உறுத்தும். வாய்க்கரிசி முதலில், கொள்ளி வைப்பது அதன் பிறகு. ஆனால் பாடல்களில் தீ மூன்று முறை பேசப்பட்ட பிறகே அரிசி வருகிறது. ஆறாம் பாடலில் அரிசியும் கொள்ளியும் ஒரே மூச்சில் வருகின்றன: “அள்ளி இடுவது அரிசியோ தாய்தலைமேல் கொள்ளிதனை வைப்பேனோ கூசாமல்”. கை இன்னும் அரிசியில் இருக்க, மனம் முன்னதாகவே தீக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன். வரப்போகும் மிகக் கொடிய நொடியை மனம் முன்கூட்டியே மூன்று முறை நடத்திப் பார்க்கிறது. ஊசலாட்டம் என்று மேலே சொன்னது இதுதான். இங்கேதான் “வைப்பேனோ” என்று “ஓ” முதன்முறையாகச் செயலின் மேலேயே ஏறுகிறது. காரியம் நெருங்க நெருங்க ஐயம் தாயிடமிருந்து அரிசிக்கும், அரிசியிலிருந்து தம் செயலுக்கும் நகர்ந்து வந்துவிட்டது.

இதுவரை பார்த்தது: முதற்பாடலில் ஏக்கம், அடுத்த ஐந்தில் கூச்சமும் தயக்கமும். படிமங்கள் எல்லாம் தாயின் உடலைத் தொட்டே வருகின்றன. தொனி முழுவதும் கேள்வி.

## ஏழாம் பாடல்: தீ எரியத் தொடங்கும் இடம்

முன்னை இட்டதீ முப்புரத்திலே
பின்னை இட்டதீ தென்னிலங்கையில்
அன்னை இட்டதீ அடிவயிற்றிலே
யானும் இட்டதீ மூள்க மூள்கவே.

இந்த ஒன்று மட்டும் வெண்பா அல்ல. நான்கு அடிகளும் ஒரே நீளம். நடுவில் தனிச்சொல் இல்லை. இறுதியில் குறுகும் மூச்சும் இல்லை. தயங்கித் தயங்கி வந்த குரல் ஒரே தாளத்தில் அடிக்கத் தொடங்குகிறது. “ஓ” அடியோடு மறைந்து, அதன் இடத்தில் “மூள்க” என்னும் வியங்கோள் இருமுறை வருகிறது.

முதல் தீ சிவன் முப்புரத்தை எரித்தது. இரண்டாவது அனுமன் இலங்கையில் வைத்தது. மூன்றாவது தாய் வைத்த தீ. அவள் இறப்பால் மகனின் வயிற்றில் எரிவது என்று கொள்ளலாம், பிறந்த நாள் முதல் எரியும் பசி என்றும் கொள்ளலாம். புராணத்தின் பெருந்தீயிலிருந்து ஒரு மனிதனின் வயிறு வரை மூன்று அடிகளில் வந்துவிடுகிறோம்.

முதல் மூன்று தீக்கும் இடம் சொல்லப்படுகிறது: முப்புரத்திலே, தென்னிலங்கையில், அடிவயிற்றிலே. நான்காவது தீக்கு இடம் சொல்லப்படவில்லை. “யானும் இட்டதீ” எங்கே இடப்பட்டது? தாயின் மேல். அதை அவர் சொல்லவில்லை. முன்பு “விறகிலிட்டு”, “மெய்யிலே” என்றெல்லாம் இடத்தைச் சொல்லிச் சொல்லித் தயங்கியவர், உண்மையில் தீ இடும் அந்த நொடியில் இடத்தை விட்டுவிடுகிறார். அன்னை என்னும் சொல் வருகிறது. அங்கேயும் அவள் தீயை இட்டவளாக வருகிறாளே தவிர, எரிபவளாக வரவில்லை. பாடல் வீரமாக ஒலிப்பதால் இதைச் சினம் என்று குறிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சினமாகத் தெரியவில்லை. தாங்க முடியாத செயலைச் செய்வதற்கு ஒருவர் தம்மைப் பேருலகின் நிகழ்வுகளோடு சேர்த்து நிறுத்திக்கொள்கிறார். “யானும்” என்பதில் உள்ள “உம்” அந்தச் சேர்க்கையைச் செய்கிறது. கொள்ளி வைத்தவர்களுக்கு இந்த நிலை தெரியும்: செய்ய வேண்டிய நேரத்தில் மனம் சற்று விலகி நின்று கையை மட்டும் நகர்த்துகிறது.

## எட்டாம் பாடல்: பார்த்தல்

வேகுதே தீயதனில் வெந்துபொடி சாம்பல்
ஆகுதே பாவியேன் ஐயகோ – மாகக்
குருவி பறவாமல் கோதாட்டி என்னைக்
கருதி வளர்த்தெடுத்த கை.

ஏழில் இருந்த விலகல் இங்கே உடைந்துவிடுகிறது. வெண்பா திரும்புகிறது. “ஓ” என்னும் கேள்விக்குப் பதில் “ஏ” என்னும் அலறல் வருகிறது: வேகுதே, ஆகுதே. வினைகள் நிகழ்காலத்துக்கு மாறுகின்றன. முதல் ஆறு பாடல்களில் தாய் செய்தவை கடந்த காலத்திலும் மகன் செய்ய வேண்டியவை எதிர்காலத்திலும் இருந்தன. நிகழ்காலம் எங்கும் நெருங்கப்படவில்லை. இப்போது நிகழ்காலம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது, அதுவும் பேச்சு வழக்கில். இத்தனை பாடல்களில் துறவியின் தமிழ் வீட்டுத் தமிழாக உடைவது இந்த இரு வினைகளில்தான்.

பாடல் வினையில் தொடங்குகிறது. எது வேகிறது என்பது சொல்லப்படவில்லை. நான்கு அடிகளையும் கடந்து, குழந்தையின் மேல் வானத்துக் குருவிகூடப் பறந்து போகாமல் காத்துச் சீராட்டியதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசிச் சீரில் “கை” என்று வருகிறது. எரிவது எது என்பதைச் சொல்வதை முடிந்த மட்டும் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட முடியாத இடத்தில் சொல்லிவிடுகிறார். மூன்றாம் பாடலின் சிறகு இங்கே குருவியாகத் திரும்பியிருக்கிறது. இம்முறை பறவை காப்பாற்றுவது அல்ல, விலக்கப்பட வேண்டியது.

பாடல் தொகுதி முழுவதும் தாயின் உடல் எவ்வாறு சுருங்கி வந்திருக்கிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். முதலில் “அங்கமெலாம்” என்று முழு உடல். பிறகு மார்பும் தோளும். பிறகு முகமும் வாயும். இப்போது கை மட்டும். அடுத்துச் சாம்பல்.

## ஒன்பதாம் பாடல்: பின்னோக்கிய அடி

வெந்தாளோ சோணகிரி வித்தகா நின்பதத்தில்
வந்தாளோ என்னை மறந்தாளோ – சந்ததமும்
உன்னையே நோக்கி உகந்து வரங்கிடந்துஎன்
தன்னையே ஈன்றெடுத்த தாய்.

படிக்கட்டுக் கணக்கு முற்றாகத் தவறும் இடம் இது. முந்தைய பாடலில் கண்முன்னே சாம்பலானதைப் பார்த்தவர், இப்போது “வெந்தாளோ?” என்று கேட்கிறார். மறைந்துவிட்ட “ஓ” மூன்று முறை திரும்புகிறது. மறுப்பு என்று எதையாவது இத்தொகுதியில் குறிக்க வேண்டுமானால் இதைத்தான் குறிக்க வேண்டும். அது முதற்பாடலில் இல்லை, எல்லாம் முடிந்த பிறகு ஒன்பதாம் பாடலில் இருக்கிறது. காரியங்கள் நடக்கும் வரை உறுதியாக இருந்தவர்கள், எல்லோரும் கலைந்த பிறகு “உண்மையிலேயே போய்விட்டாளா?” என்று கேட்பதைத் துக்க வீடுகளில் பார்த்திருப்போம்.

கேள்விகள் இப்போது இறைவனை நோக்கி வைக்கப்படுகின்றன. தொனியில் இது பெரிய மாற்றம். அதுவரை கேள்விகளுக்குக் கேட்பவர் யாரும் இல்லை. சோணகிரி என்பது திருவண்ணாமலை. சைவ மரபில் அது நெருப்பின் தலம், சிவன் தீப்பிழம்பாக நின்ற மலை. எனவே தீ என்னும் படிமம் இங்கே தன் திசையைத் திருப்பிக்கொள்கிறது. தாயை அழித்த தீயும் அவள் சென்று சேரும் இறைவனும் ஒரே நெருப்பின் இரு முகங்களாகின்றன. ஆனாலும் மூன்று கேள்விகளில் கடைசியாக வருவது தத்துவம் அல்ல: “என்னை மறந்தாளோ”. இறைவனடியில் சேர்ந்தாள் என்ற ஆறுதலைத் தாமே சொல்லிவிட்டு, அடுத்த சொல்லில் குழந்தையாகி அவர் கேட்கும் கேள்வி அது. பத்துப் பாடல்களிலும் எனக்கு மிக நெருக்கமான சொற்கள் இவை.

சுருக்கமாக: ஏழில் விலகல், எட்டில் உடைதல், ஒன்பதில் மீண்டும் ஐயம். ஏக்கமும் ஐயமும் முடிந்துபோன நிலைகள் அல்ல. அவை திரும்பி வருகின்றன.

## பத்தாம் பாடல்: ஏற்பு என்பது இதுதானா

வீற்றிருந்தாள் அன்னை வீதிதனில் இருந்தாள்
நேற்றிருந்தாள் இன்றுவெந்து நீறானாள் – பால்தெளிக்க
எல்லாரும் வாருங்கள் ஏதென்று இரங்காமல்
எல்லாம் சிவமயமே யாம்.

கேள்வி இல்லை, அலறல் இல்லை. “இருந்தாள்” என்னும் ஒரே வினை மூன்று முறை வந்து, பிறகு “நீறானாள்” என்று முடிகிறது. வீட்டில் வீற்றிருந்தது, வீதிக்கு வந்தது, சாம்பலானது என்று நடந்தவை நடந்த வரிசையிலேயே சொல்லப்படுகின்றன. சாம்பலைக் குறிக்கும் நீறு சைவருக்கு நெற்றியில் அணியும் நீறும்தான். அதனால் அடுத்து வரும் சிவமயம் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்த தத்துவமாகத் தோன்றாமல், அந்தச் சாம்பலிலிருந்தே எழுகிறது.

இன்னொரு மாற்றம் எளிதில் கண்ணில் படாதது. முதல் ஒன்பது பாடல்களிலும் பாடுபவர் தம்மைக் குறித்துக்கொள்கிறார்: காண்பேன், மூட்டுவேன், நானிடுவேன், யானும், பாவியேன், என்னை. பத்தாவதில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. இறுதியில் உள்ள “யாம்” என்பது “நாம்” என்னும் பொருளுடையது அல்ல. “சிவமயமே ஆம்” என்பது சேர்ந்து அப்படி ஒலிக்கிறது. தன்மைக்குப் பதில் “எல்லாரும்” வருகிறது. பால் தெளிக்க ஊரை அழைக்கிறார். அவர் மட்டும் சுமந்த இழப்பு இப்போது ஊரார் கூடிச் செய்யும் காரியமாகிறது.

இதை ஏற்பு என்று அழைக்கலாம், ஓர் எச்சரிக்கையோடு. பாடலின்படி நேற்று இருந்தவள் இன்று நீறானாள். கழிந்தது ஒரு நாள். ஒரு நாளில் எந்த மகனின் துக்கமும் தீர்வதில்லை. இங்கே முடிந்தது சடங்கு. விறகு, அரிசி, தீ, சாம்பல், பால் என்று சடங்கு தன் வரிசையில் முன்னே செல்கிறது; அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. துக்கம் அதன் பின்னே இழுபட்டும், சில நேரம் முன்னே ஓடியும், சில நேரம் திரும்பி நின்றும் வருகிறது. இப்பாடல்களில் நிலைகள் மாறுவதற்குக் காரணம் துக்கத்தின் உள்விதி ஒன்று அல்ல. கை செய்ய வேண்டிய அடுத்த காரியம் ஒவ்வொரு முறையும் வந்து நிற்பதே. ஐந்து நிலைகளில் பேரம் என்பது இப்பாடல்களில் எங்குமே இல்லாமல் போவதும் அதனால்தான். எரியூட்டும் இடத்தில் நிற்பவருக்குப் பேரம் பேச எதுவும் மிச்சமில்லை.

## நகராத இரங்கற்பா

எல்லா இரங்கற்பாக்களும் இப்படி நிலை மாறிச் செல்லும் என்று எதிர்பார்ப்பதும் தவறே. புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரியின் மகளிர் தந்தையை இழந்து பாடியது. கையறுநிலைத் துறையில் அமைந்தது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

அந்த மாத நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் குன்றும் போனது, தந்தையும் இல்லை. ஐந்தே அடிகள். படிமம் ஒன்று, நிலவு. அது மாறவே இல்லை. மாறியவை எல்லாம் அதன் ஒளியில் இருப்பவை. கேள்வி இல்லை, அழுகை இல்லை, இறைவன் இல்லை. உடையேம், இலம் என்று இருப்பையும் இன்மையையும் சொல்லும் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு மாதம் நிற்கிறது. பாட்டுக்குள் அந்தப் பெண்கள் செய்ய வேண்டிய காரியம் என்று ஒன்றும் வரவில்லை. தந்தையைக் கொன்ற வேந்தர்கள் குன்றையும் கொண்டுவிட்டார்கள். திரும்பிப் போக வீடும் இல்லை. ஆகவே அவர்களின் துக்கத்தை முன்னே இழுத்துச் செல்ல எதுவும் இல்லை, பாடலும் நகரவில்லை. இதில் ஐந்து நிலைகளைத் தேடுபவருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. துக்கமோ பட்டினத்தாருடையதைவிடக் குறைந்ததல்ல.